இணையத்தளத்திற்கு வயர்ஃபிரேம் வரைதலும் உரிமையாளரின் கருத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நம்மவர்களின் சிறு கடைகளுக்கு இணையத்தளம் அமைத்துத் தருவது என் வேலை. தளத்துக்கு நிறமும் அழகும் சேர்ப்பதற்கு முன்னால், முக்கியமான பக்கங்களைப் பேனாவால் வரைந்து கடைக்காரரிடம் காட்டிக் கருத்துக் கேட்பேன். அந்த வரைவுதான் வயர்ஃபிரேம். இந்தக் கட்டத்தைப் பற்றி, தொழிலுக்குப் புதிதாக வரும் இளையர்களும் தளம் கேட்டு வரும் உரிமையாளர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கடை: தேக்கா வட்டாரத்தில் பூமாலை கட்டி விற்கும் ஓர் அக்காவின் கடை. கடையின் பெயர் இங்கே தேவையில்லை.

வயர்ஃபிரேம் என்று வெறும் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டுகிறார்களே, அதில் என்ன தெரியும்?

ஒரு பக்கத்தில் என்னென்ன இருக்கும், எது மேலே வரும் எது கீழே போகும், எதைத் தொட்டால் எந்தப் பக்கம் திறக்கும் என்ற மூன்றும் தெரியும். குறுக்கே இரண்டு கோடு போட்ட சதுரம் என்றால் அங்கே புகைப்படம் வரும். தடித்த ஓரம் உள்ள பெட்டி என்றால் அது பொத்தான். மெல்லிய ஓரம் உள்ள பெட்டியில் வாடிக்கையாளர் எதையாவது நிரப்ப வேண்டும். நிறம், எழுத்துரு, லோகோ எதுவும் இருக்காது. லோகோ வர வேண்டிய இடத்தில் கடையின் பெயரைக் கையால் எழுதிவிடுவேன்.

மாலைக் கடைக்கு நான் வரைந்த முதல் முகப்புப் பக்கத்தில் இருந்தவை இவ்வளவுதான்: மேலே கடைப்பெயர், அதன் கீழே குறுக்குக்கோடு போட்ட ஒரு பெரிய சதுரம், பிறகு 'திருமண மாலை', 'சாமி மாலை', 'கூந்தல் பூ' என்று மூன்று பெட்டிகள், அடியில் கடை திறந்திருக்கும் நேரமும் தொலைபேசி எண்ணும். அந்த அக்கா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மரியாதைக்குப் போடும் மாலை எங்கே தம்பி? அலுவலக நிகழ்ச்சிக்கு அதைத்தானே அதிகம் கேட்கிறார்கள்?" என்பது. ஒரு பெட்டி விடுபட்டிருப்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது. இதற்காகத்தான் வரைகிறோம்.

ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒரேயடியாக அழகாகவே செய்துவிடலாமே, எதற்குத் தாளும் பேனாவும்?

அழகாகச் செய்து காட்டினால், வேலை முடிந்துவிட்டது என்று பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். அடிப்படையில் ஏதோ தவறு என்று தோன்றினாலும், 'இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறாரே' என்று வாய்திறக்கத் தயங்குவார். அல்லது ரோஜாவின் சிவப்புச் சரியாக இல்லை என்பதைப் பற்றியே பேசுவார். தாளில் கோணலாக வரைந்த பெட்டியை அடித்து மாற்ற யாருக்கும் தயக்கம் வராது. நமக்கும் அப்படித்தான். சில நிமிடங்களில் வரைந்ததைத் தூக்கிப் போட மனம் எளிதில் ஒப்பும். அரை நாள் செலவிட்டுச் செய்ததை நாமே விட்டுக்கொடுக்காமல் வாதாடத் தொடங்கிவிடுவோம்.

பேனாவும் தடித்த முனை உள்ளதாக இருக்கட்டும். மெல்லிய பேனா கையில் இருந்தால் சின்னச் சின்ன அலங்காரங்களை வரைய ஆசை வரும். உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், நேரில் பார்க்கவே முடியாது என்றால் கணினியில் செய்துகொள்ளலாம். 2008-இல் வந்த பால்சமிக் என்ற மென்பொருளில் கோடுகள் வேண்டுமென்றே கையால் வரைந்தவை போல நெளிந்திருக்கும். ஃபிக்மாதான் பழக்கம் என்றால், சாம்பல் நிறமும் ஒரே ஓர் எழுத்துருவும் தவிர வேறெதையும் தொடாமல் இருந்தால் போதும்.

தளத்தில் இருபது பக்கம் வரும், இருபதையும் வரைய வேண்டுமா?

வேண்டாம். ஒரு வாடிக்கையாளர் தளத்துக்குள் நுழைந்து, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு வெளியேறும் வழியில் எந்தெந்தப் பக்கங்கள் இருக்கின்றனவோ அவற்றை மட்டும் வரையுங்கள். மாலைக் கடைக்கு அவை ஐந்து: முகப்பு, மாலை வகைகள், ஒரு குறிப்பிட்ட மாலையின் பக்கம், ஆர்டர் படிவம், 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று சொல்லும் பக்கம். 'எங்களைப் பற்றி' போன்ற பக்கங்களில் தலைப்பும் சில பத்திகளும்தான் இருக்கும். அவற்றை வரைந்து காட்டி யாருடைய நேரத்தையும் எடுக்க வேண்டியதில்லை.

பலரும் மறப்பது கடைசிப் பக்கத்தை. பொத்தானை அழுத்திய பிறகு வாடிக்கையாளர் என்ன பார்க்கிறார்? ஆர்டர் உறுதியாகிவிட்டதா, அல்லது கடையிலிருந்து அழைத்து உறுதிசெய்வார்களா? முன்பணம் எப்போது, எப்படிக் கட்டுவது? இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் உரிமையாளர். அந்தப் பக்கத்தை வரைந்து அவர் முன்னால் வைக்காவிட்டால் இந்தக் கேள்விகள் எழவே எழாது. தளம் தொடங்கிய பிறகு, "பணம் அனுப்பிவிட்டேன், மாலை வருமா?" என்று வாடிக்கையாளர் அழைக்கும்போதுதான் எழும்.

வரையத் தொடங்கும் முன் கடைக்காரரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

'தளம் எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்காதீர்கள். அதற்குப் பெரும்பாலும் "நல்ல முறையில் இருக்க வேண்டும்" என்ற பதில்தான் கிடைக்கும். இப்போது ஆர்டர்கள் எப்படி வருகின்றன என்று காட்டச் சொல்லுங்கள். மாலைக் கடையில் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. 'ஒரு ஜோடி கல்யாண மாலை வேண்டும்' என்று செய்தி வரும். உடனே அக்கா தட்டச்சு செய்வது, 'என்றைக்கு?' அடுத்தது, 'எந்தக் கோயில், எந்த மண்டபம்?' அதன் பிறகு, 'மாப்பிள்ளை உயரமானவரா?' மாலையின் நீளத்தை முடிவு செய்ய அந்தக் கேள்வி தேவைப்படுகிறது. இப்படிச் சில உரையாடல்களைப் படித்தாலே ஆர்டர் படிவத்தில் என்னென்ன பெட்டிகள் வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: அந்த உரையாடல்களைப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அவற்றில் வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் முகவரியும் இருக்கும். கேள்விகளை மட்டும் கையால் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவில் வரைவது? கணினித் திரையா, கைத்தொலைபேசியா?

கைத்தொலைபேசி அளவில் தொடங்குங்கள். மாலை வாங்குபவர் எம்ஆர்டியில் போகும்போதோ வீட்டு வரவேற்பறையில் அமர்ந்திருக்கும்போதோ கையில் உள்ள தொலைபேசியில்தான் பார்க்கிறார். ஏ4 தாளில் 7 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் உயரம் உள்ள செவ்வகம் போட்டால் உண்மையான திரைக்கு நெருங்கிய அளவு கிடைக்கும். திரையை விடப் பெரிதாக வரைந்தால் எல்லாமே அழகாக அடங்குவது போலத் தோன்றும், பின்னால் ஏமாற்றிவிடும்.

பொத்தானை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் வரையுங்கள். ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டுதலில் விரல் படும் இடத்துக்குச் சொல்லப்படும் அளவு ஏறக்குறைய அதுதான். உண்மை அளவில் வரைவதால், ஒரு திரையில் நான்கு பொத்தான்களை நெருக்கிவைக்க முடியாது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். கணினித் திரைக்கு முகப்பையும் மாலை வகைகளையும் மட்டும் பிறகு வரைந்துகொள்ளலாம். படிவத்தின் பெட்டிகள் இரண்டிலும் ஒன்றன் கீழ் ஒன்றாகவே இருக்கட்டும்.

எழுத்து வரும் இடத்தில் வளைகோடு போட்டுவிட்டால் போதாதா?

நீண்ட பத்திகளுக்குப் போதும். தலைப்பு, பொத்தான், படிவத்தின் கேள்விகள், விலை ஆகியவற்றுக்குப் போதாது. அங்கே உண்மையான சொற்களை எழுதுங்கள். 'மாலை 1', 'மாலை 2' என்று எழுதினால் யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். 'சம்பங்கி ரோஜா மாலை, ஜோடி' என்று எழுதினால், "சம்பங்கி எல்லா நாளும் வராது தம்பி" என்று கடைக்காரர் உடனே சொல்வார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து, இருப்பில் இல்லாத மாலையைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது என்ற ஒரு முழு விவகாரம் வெளியே வரும்.

தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இரண்டு மொழியிலும் வரைய வேண்டுமா?

ஆர்டர் படிவத்தை மட்டும் இரண்டிலும் வரையுங்கள், மற்றவற்றைத் தமிழில் வரைந்தால் போதும். காரணம் இடம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடியும் பொத்தான் வாசகம் தமிழில் 'வீட்டிற்கு அனுப்ப வேண்டும்' என்று நீளும். நம் எழுத்துகள் அகலமானவை. மேலே புள்ளியும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையிலும் கூடுதல் இடைவெளி கேட்கும். தமிழ் அடங்கும் பெட்டியில் ஆங்கிலம் தாராளமாக அடங்கும். ஆங்கிலத்தை வைத்து வரைந்த பெட்டியில் தமிழை நுழைத்தால் பொத்தானில் எழுத்து இரண்டு வரியாக உடைந்து நிற்கும்.

மொழி மாற்றும் பொத்தான் எங்கே இருக்கும் என்பதையும் இப்போதே வரைந்து காட்டுங்கள். மேல் வலது மூலையில், தமிழ் என்று தமிழிலும் ஆங்கிலம் என்று ஆங்கிலத்திலும் எழுதியிருந்தால் எவருக்கும் தெரியும்.

வரைந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டுவிடலாமா?

முதல் முறை கூடாது. கடையில் வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டே கடைக்காரர் படத்தைத் திறப்பார், ஒரு கட்டைவிரல் சின்னம் வரும், நீங்கள் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வீர்கள். நேரில் போங்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். பூக்கடைக்கு வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளுக்கு முந்தைய நாளும் ஆகவே ஆகாது.

தாள்களை வரிசையாக விரித்துவைத்து விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். கடைக்காரர் கையில் முகப்புப் பக்கத்தை மட்டும் கொடுத்து ஒரு வேலையைச் சொல்லுங்கள். மாலைக் கடையில் நான் சொன்னது: "அக்கா, நீங்கள்தான் வாடிக்கையாளர். அடுத்த மாதம் உங்கள் தம்பிக்குக் கல்யாணம். ஒரு ஜோடி மாலைக்கு ஆர்டர் கொடுங்கள். எதைத் தொடுவீர்களோ அங்கே விரலை வையுங்கள்." அவர் 'திருமண மாலை'யில் விரல் வைத்ததும் அடுத்த தாளை மேலே வைத்தேன். படிவம் வந்ததும் பென்சிலைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். நிரப்பும்போது நான் பேசவில்லை. அவர் எங்கே நின்றார், எதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

முதலில் அவர் நின்ற இடம், பெயர் கேட்கும் பெட்டி. "பெயரெல்லாம் அப்புறம். எனக்கு முதலில் தேதி தெரிய வேண்டும். அன்றைக்கு முகூர்த்தம் நிறைய இருந்தால் நான் ஆர்டர் எடுக்கவே மாட்டேன்" என்றார். வாடிக்கையாளர் எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு முடியாது என்று சொல்வதை விட, முதல் பெட்டியிலேயே தேதியைக் கேட்டு, முடியாத நாள்களை அடைத்துவைப்பது நல்லது. தாளிலேயே தேதியை மேலே நகர்த்தினோம். இரண்டாவதாக நின்ற இடம் 'நேரம்' என்ற பெட்டி. அவர் அதில் 9.30 என்று எழுதிவிட்டு, தானே நிறுத்தி, "இது முகூர்த்த நேரமா, மாலை வந்து சேர வேண்டிய நேரமா?" என்று கேட்டார். அவருக்கே அந்தக் குழப்பம் என்றால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? முகூர்த்த நேரத்தை எழுதிவிட்டுப் போவார், தாலி கட்டும் நேரத்தில் மாலை வாசலில் வந்து நிற்கும். ஒரு பெட்டியை இரண்டாக்கினோம்: 'முகூர்த்தம் எத்தனை மணிக்கு?', 'மாலை எத்தனை மணிக்குள் வர வேண்டும்?' இந்த மாற்றத்துக்கு ஆன செலவு ஒரு பென்சில் கோடு. தளத்தை எழுதி முடித்த பிறகு இதே மாற்றம் வந்தால் படிவம், தரவுத்தளம், கடைக்குப் போகும் மின்னஞ்சல் என்று மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும்.

காட்டியதும் "நன்றாக இருக்கிறது, செய்யுங்கள்" என்கிறார். அதைக் கருத்தாக எடுத்துக்கொள்ளலாமா?

அது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் நாம் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டதால் வந்த பதில். மேலே சொன்னபடி ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் அந்தப் பதிலுக்கே இடம் இருக்காது.

அப்போதும் எதுவும் சொல்லாதவரிடம் நான் இரண்டு வரைவுகளைக் காட்டுவேன். ஒன்றில் மாலை வகைகள் முதலில், இன்னொன்றில் 'எந்த விசேஷத்துக்கு?' என்ற கேள்வி முதலில். "உங்கள் வாடிக்கையாளருக்கு எது வசதி?" என்று கேட்டால் காரணத்தோடு பதில் வரும். இரண்டும் உண்மையிலேயே வேறுபட்டிருக்க வேண்டும். பொத்தான் இடப்பக்கமா வலப்பக்கமா என்ற அளவில் வேறுபட்டால் பயன் இல்லை.

உரிமையாளர் நிறத்தைப் பற்றியே பேசுகிறார். எப்படித் திசைதிருப்புவது?

திசைதிருப்ப வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். 'பிறகு பார்க்க வேண்டியவை' என்று தனித்தாள் ஒன்றை அவர் கண்முன்னே வைத்து, 'மஞ்சளும் பச்சையும் வேண்டும், கறுப்பு எங்கும் வரக்கூடாது' என்று அவர் சொன்னபடியே குறித்துவிட்டால் அவருக்கு மனம் அமைதியாகும், பேச்சு பக்கத்துக்குத் திரும்பும். நிறத்தைப் பற்றி அவர் சொல்வது வடிவமைப்பு தொடங்கும்போது உண்மையாகவே தேவைப்படும் தகவல். மங்கலக் காரியத்துக்குப் பொருள் விற்பவர் கறுப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

நான் கடைக்காரர். எனக்கு வடிவமைப்பு தெரியாது. என்னிடம் காட்டி என்ன பயன்?

வடிவமைப்பு தெரிந்தவர் ஏற்கெனவே இருக்கிறார். உங்கள் வாடிக்கையாளரைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தாளைப் பார்க்கும்போது மூன்றை மட்டும் யோசியுங்கள். வாடிக்கையாளர் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறதா? நான் அவரிடம் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் விடுபட்டிருக்கிறதா? இங்கே எழுதியிருப்பதை என்னால் ஒவ்வொரு நாளும் நிறைவேற்ற முடியுமா? 'அன்றே வீட்டிற்கு அனுப்பப்படும்' என்று வரைவில் எழுதியிருந்து, உங்களிடம் ஓட்டுநர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அதை அடிக்க வேண்டிய நேரம் இதுதான்.

கடையில் அண்ணன் ஒன்று சொல்கிறார், தங்கை வேறு சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கடைசி முடிவு யாருடையது என்பதை வரைவு காட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பக் கடைகளில் பணம் கொடுப்பவர் ஒருவராகவும் ஆர்டர் எடுப்பவர் இன்னொருவராகவும் இருப்பார்கள். இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும் தூதராக நீங்கள் மாறிவிடுவீர்கள்.

கருத்து வேறுபட்டால், வாதத்தைப் பழைய ஆர்டர்களின் பக்கம் கொண்டுபோங்கள். மாலைக் கடையில், முகப்பில் சாமி மாலை முதலில் வர வேண்டும் என்று அக்காவின் அண்ணன் சொன்னார். சாமி காரியம் முதலில் வர வேண்டும் என்பது அவர் எண்ணம், அதில் தவறில்லை. ஆனால் சாமி மாலை வாங்குபவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குப் போகும் வழியில் கடைக்கே வந்து வாங்குகிறார்கள், முன்கூட்டிச் சொல்பவர்கள் கல்யாணக்காரர்கள் என்பதை வாட்ஸ்அப் உரையாடல்கள் காட்டின. முடிவில் கடைப்பெயருக்கு மேலே ஒரு சிறு பிள்ளையார் படம், அதன் கீழே திருமண மாலை என்று அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

படிவத்தில் அடையாள அட்டை எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டு வைக்கலாமா? பின்னால் உதவுமே.

அடையாள அட்டை எண் கூடவே கூடாது. சட்டம் கட்டாயப்படுத்தும்போதோ, ஒருவர் யார் என்பதை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை இருக்கும்போதோ தவிர, தனியார் நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே நடைமுறை. மாலை விற்பதற்கு அந்தத் தேவை இல்லை. மற்ற விவரங்களையும், எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லக்கூடியவற்றை மட்டுமே கேட்க வேண்டும்.

வரைவுத் தாளில் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் 'இது எதற்கு?' என்று கேட்டு, கடைக்காரர் சொல்லும் காரணத்தை எழுதுங்கள். காரணம் வராத பெட்டியை அடித்துவிடுங்கள். பிறந்த தேதி இப்படித்தான் போனது. முகவரிக்கு வரும்போது மட்டும் கவனமாக இருங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு கட்டடத்தைச் சொல்லிவிடும், ஆனால் வீவக வீட்டுக்கு #08-123 போன்ற வீட்டு எண் இல்லாமல் ஓட்டுநர் எந்த மாடிக்குப் போவார்? அதற்குத் தனிப்பெட்டி வேண்டும். கோயில் அல்லது மண்டபம் என்றால் அந்தப் பெட்டி தேவையில்லை, அங்கே மாலையை வாங்கிக்கொள்பவரின் பெயரும் எண்ணும் தேவை.

விலையை வயர்ஃபிரேமிலேயே எழுத வேண்டுமா? அது பின்னால் வரும் விஷயம் இல்லையா?

எழுதுங்கள். எந்தத் தொகை என்பது முக்கியமில்லை, விலையை எப்படிச் சொல்லப் போகிறோம் என்பது முக்கியம். நான் '120 வெள்ளி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அக்கா தலையசைத்தார். தீபாவளி, தைப்பூசம், முகூர்த்த நாள் என்றால் பூ விலை ஏறும், ஒரே விலையைப் போட்டுவிட்டு அவரால் நிற்க முடியாது. 'விலைக்கு அழைக்கவும்' என்று போடலாமா என்றால், விலையே தெரியாமல் யாரும் படிவத்தை நிரப்ப மாட்டார்கள். சாதாரண நாளுக்கான தொடக்க விலையைக் காட்டி, தேதியைத் தேர்ந்தெடுத்த பிறகு கடையிலிருந்து இறுதி விலையை உறுதிசெய்து சொல்வது என்று முடிவானது. அதனால் 'ஆர்டர் கொடுக்கவும்' என்ற பொத்தான் 'விலை உறுதிசெய்யக் கேட்கவும்' என்று மாறியது. கடைசிப் பக்கமும் மாறியது: பணம் கட்டும் இடம் அங்கிருந்து போய், விலை உறுதியான பிறகு பேநவ் வழியாக முன்பணம் கட்டும் குறிப்பு வந்தது. ஒரு விலைப் பெட்டி மூன்று பக்கங்களை மாற்றிவிட்டது.

கடை பொருள் சேவை வரிக்குப் பதிவுசெய்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவுசெய்த கடை வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் வரியும் சேர்ந்திருக்க வேண்டும். 2024 முதல் அது 9 விழுக்காடு. பதிவுசெய்யாத சிறு கடை என்றால் வரி என்ற வரியே பக்கத்தில் வரக்கூடாது.

எத்தனை சுற்று மாற்றினால் போதும் என்று எப்படித் தெரியும்?

மாற்றங்களின் தன்மையைப் பாருங்கள். முதல் சுற்றில் 'இது விடுபட்டிருக்கிறது', 'இதை மேலே கொண்டுபோ' என்று வரும். பிறகு 'இந்தச் சொல்லை மாற்று' என்று வரும். சொல் மாற்றங்கள் மட்டும் வரத் தொடங்கிவிட்டால் வயர்ஃபிரேம் தன் வேலையை முடித்துவிட்டது. பெரும்பாலான சிறு கடைகளுக்கு இரண்டு சுற்றில் அந்த நிலை வந்துவிடும். மூன்றாவது சுற்றிலும் புதிய பெட்டிகள் முளைத்துக்கொண்டே இருந்தால், தளம் எதற்கு என்பதே இன்னும் முடிவாகவில்லை. வரைவதை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள்.

இரண்டாவது சுற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், பாதகமில்லை. மாறிய இடங்களை மட்டும் வட்டமிட்டு அனுப்புங்கள்.

ஒப்புக்கொண்டுவிட்டு, நிறமெல்லாம் வந்த பிறகு "இதை மாற்றுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

எதை மாற்றச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. ஓரத்தை வளைக்க வேண்டும், படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றால் அது வடிவமைப்புக் கட்டத்தில் இயல்பாக வருவது. புதிதாக ஒரு பக்கம், படிவத்தில் புதிய கேள்வி என்றால் தாளுக்குத் திரும்புங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி வரைந்து காட்டி, கூடுதல் நாளும் கட்டணமும் எவ்வளவு என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

இதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால்தான் கடைசிச் சுற்றில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் கடைக்காரரின் கையெழுத்தும் வாங்குவேன். கூடவே ஒரு சிறு குறிப்பு: என்ன முடிவானது, ஏன். 'தேதி முதலில், காரணம் முகூர்த்தம் நிறைய உள்ள நாளில் ஆர்டர் எடுப்பதில்லை' என்று எழுதியிருந்தால், ஆறு மாதம் கழித்து "பெயரை ஏன் முதலில் கேட்கவில்லை?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கேட்டால்கூட பதில் தயார்.

வயர்ஃபிரேமில் மேலே இருந்த பெட்டி, வடிவமைப்பில் கீழே போய்விட்டது. வடிவமைப்பாளர் ஏமாற்றிவிட்டாரா?

அவசியம் அப்படி இல்லை. வயர்ஃபிரேமில் முடிவானது எது முக்கியம், எது அதற்கு அடுத்தது என்ற வரிசைதான். பெட்டி எத்தனை சென்டிமீட்டரில் இருக்கும் என்பது அங்கே முடிவாவதில்லை. தேதிப் பெட்டிக்கு மேலே ஒரு சிறு மாலைப் படம் வந்தால் வரிசை கெடவில்லை. தேதிக்கு முன்னால் பெயரைக் கேட்டால் கெட்டுவிட்டது, அது ஒப்பந்தத்துக்கு மாறானது. ஐயம் வந்தால் கையெழுத்திட்ட தாளைப் பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளர் செய்யும் வேலைகள் அதே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள்.

அப்படியென்றால் வயர்ஃபிரேமில் ஒப்புதல் கிடைத்துவிட்டால் தளம் சரியாக வந்துவிடும் என்று நம்பலாமா?

சில விஷயங்களில் நம்பலாம், சிலவற்றில் முடியாது. எழுத்து வயதானவர்கள் கண்ணுக்குத் தெரியுமா, பூவின் புகைப்படம் ஆசையைத் தூண்டுமா, பக்கம் விரைவாகத் திறக்குமா என்பதையெல்லாம் குறுக்குக்கோடு போட்ட சதுரத்தால் சொல்ல முடியாது. மாலைக் கடை போன்ற இடத்தில் புகைப்படம்தான் பாதி விற்பனை. வரைவில் அழகாக அடங்கிய ஆறு சதுரங்களுக்கு, கடையில் இருந்தவை மங்கலான ஒளியில் தொலைபேசியில் எடுத்த படங்கள். இதற்காக, வயர்ஃபிரேம் ஒப்புதலோடு கூடவே 'தேவைப்படும் படங்கள்' என்று ஒரு பட்டியலையும் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். திருமண மாலை கட்டி முடித்தவுடன், வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வடிவமைப்பு தொடங்கும் நாளுக்குள் அந்தப் படங்கள் வந்து சேர வேண்டும்.

இன்னொன்று, கடைக்காரர் வாடிக்கையாளரைப் போல நடித்துப் பார்த்ததுதான் இதுவரை நடந்திருக்கிறது. தொழில் தெரிந்தவருக்குப் புரியும் சொல் வெளியாளுக்குப் புரியாமல் போகலாம். முடிந்தால், கடைக்கு வரும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அதே தாள்களைக் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். மாலைக் கடையில் பூ வாங்க வந்த ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்தபோது, 'ஜோடி' என்ற பெட்டியில் 2 என்று எழுதினார். அவர் நினைத்தது இரண்டு மாலை, கடைக்கு அது நான்கு. அந்தப் பெட்டியில் இப்போது '1 ஜோடி = 2 மாலை' என்று எழுதியிருக்கிறது.